ஒரகடம் முதல் தி ஹேக் வரை: அரசின் இசைவும் பன்னாட்டு நீதிமன்றங்களின் அதிகார வரம்பும்

ஆய்வுச் சுருக்கம்

பன்னாட்டு நீதிமன்றங்களுக்கும் நடுவர் தீர்ப்பாயங்களுக்கும் ஓர் அரசின்மீது தாமாகவே அதிகாரம் பிறப்பதில்லை. அவ்வரசு முன்னரே எழுத்தில் அளித்த இசைவிலிருந்தே அது பிறக்கிறது. ஒரகடத்திலுள்ள மகிழுந்து ஆலை தொடர்பாக நிசான் நிறுவனம் இந்தியாவுக்கு எதிராக 2017இல் தொடுத்த நடுவர் வழக்கையும், சர்வதேச நீதிமன்றத்தின் கட்டாய அதிகார வரம்பை ஏற்று இந்தியா வெளியிட்ட பிரகடனங்களின் வரலாற்றையும் இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. ஒரே அரசு ஒரு வாயிலை நிபந்தனைகளால் குறுக்கியபோது மற்றொரு வாயிலை அகலத் திறந்து வைத்திருந்தது என்பதும், அதன் விளைவை ஒரு மாநில அரசின் செயல் வெளிக்கொணர்ந்தது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அதிகார வரம்பு, அரசின் இசைவு, ஏற்புப் பிரகடனம், விலக்கு நிபந்தனை, முதலீட்டு நடுவர் தீர்ப்பாயம், ஒரகடம்.

முன்னுரை

திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நிலம், உழைப்பு, ஏற்றுமதி ஆகியவற்றை மையமாகக் கொண்டவை. அப்பகுதியில் எழுந்த ஒரு தகராறு பன்னாட்டுச் சட்டத்தின் அடிப்படைக் கேள்வி ஒன்றை இந்திய அரசின்முன் நிறுத்தியது என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. ஊக்கத்தொகை வழங்குவதாக வாக்களித்தது தமிழ்நாடு அரசு. பிரதிவாதியாக நின்றதோ இந்தியக் குடியரசு. வழக்கை விசாரித்தது சென்னை உயர் நீதிமன்றமும் அன்று, இந்திய உச்ச நீதிமன்றமும் அன்று. மூவர் கொண்ட ஒரு பன்னாட்டு நடுவர் தீர்ப்பாயம் அதனை விசாரித்தது. இறைமையுள்ள ஓர் அரசை விசாரிக்கும் அதிகாரம் அம்மூவருக்கும் எங்கிருந்து கிடைத்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

1. இசைவு என்னும் அடிப்படை

உள்நாட்டு நீதிமன்றத்தின் அதிகாரம் அரசியலமைப்பிலிருந்தும் சட்டத்திலிருந்தும் வருகிறது. வழக்காடுபவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது அவரைக் கட்டுப்படுத்தும். நாடுகளுக்கு மேல் அத்தகைய சட்டமியற்றும் அதிகாரம் எதுவும் இல்லை. ஆகவே ஓர் அரசு தன்னை விசாரிக்க ஒப்புக்கொண்டால் மட்டுமே அதன்மீது வழக்கு நடைபெற இயலும். 1923இல் கிழக்குக் கரேலியா குறித்த விவகாரத்தில் நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றம் இக்கொள்கையைத் தெளிவாக உரைத்தது. பின்லாந்துக்கும் சோவியத் ரஷ்யாவுக்கும் இடையிலான அத்தகராறில் ரஷ்யா இசையவில்லை. அந்நாடு நாடுகள் சங்கத்தின் உறுப்பினராகவும் இல்லை. எனவே கருத்துரை வழங்கவே நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இசைவு மூன்று வகைகளில் அளிக்கப்படலாம். தகராறு எழுந்தபின் இரு தரப்பினரும் சேர்ந்து அதனை நீதிமன்றத்தின்முன் வைப்பது ஒன்று. ஓர் உடன்படிக்கை செய்யும்போதே, அதன்வழி எழும் தகராறுகள் இன்ன மன்றத்துக்குச் செல்லும் என ஒரு கூறில் எழுதிவைப்பது இரண்டாவது. சர்வதேச நீதிமன்றச் சட்டவிதியின் 36ஆம் கூறு, 2ஆம் உட்பிரிவின்படி ஒருதலையாகப் பிரகடனம் வெளியிட்டு, அவ்வாறே பிரகடனம் செய்துள்ள பிற நாடுகள் தொடுக்கும் வழக்குகளுக்கு முன்கூட்டியே உடன்படுவது மூன்றாவது. ஒரகடம் வழக்கு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இந்தியா மிகவும் எச்சரிக்கையுடன் கையாண்டு வந்திருப்பது மூன்றாம் வகை.

2. ஒரகடம் ஆலையும் தகராறும்

2008 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசுடன் செய்துகொள்ளப்பட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் அடிப்படையில் ஒரகடத்தில் ரெனால்ட் – நிசான் ஆலை அமைந்தது. 2010இல் அது திறக்கப்பட்டது. பெருமுதலீட்டு வாகனத் திட்டங்களுக்கான கொள்கையின்கீழ், நிறுவனம் செலுத்தும் மதிப்புக் கூட்டு வரி முதலியவற்றைத் திருப்பியளிப்பது உள்ளிட்ட ஊக்கத்தொகைகளை அரசு வழங்குவதாக ஒப்பந்தம் கூறியது. அத்தொகைகள் உரியவாறு வந்து சேரவில்லை என்பது நிறுவனத்தின் குறை. 2016இல் இந்தியப் பிரதமருக்கு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பப்பட்டது. 2017இல் நடுவர் வழக்கு தொடங்கியது. செலுத்தப்படாத ஊக்கத்தொகை, வட்டி, இழப்பீடு ஆகியவை சேர்ந்து கோரிக்கை ஏறத்தாழ 5,000 கோடி ரூபாய் எனச் செய்திகள் தெரிவித்தன.

வாதி யார் என்பது இங்கு முதன்மையானது. வழக்குத் தொடுத்தது ஜப்பானிலுள்ள நிசான் மோட்டார் நிறுவனம். ஒரகடத்தில் ஆலை நடத்தும் இந்திய நிறுவனம் அன்று. அப்போது ஆலையின் மற்றொரு பங்காளியாக இருந்த ரெனால்ட் பிரெஞ்சு நிறுவனமாதலால் இவ்வழக்கில் இடம்பெற இயலவில்லை. இழப்பு ஒரே ஆலையில் நேர்ந்ததாகக் கூறப்பட்டாலும், எந்த நாட்டின் குடிமை உடையவர் கேட்கிறார் என்பதைப் பொறுத்தே வாயில் திறக்கிறது. இசைவு ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒருவருக்கு அளிக்கப்பட்டதாதலின், அந்த ஒருவர் அல்லாதார் அதனைப் பயன்படுத்த முடியாது.

3. இசைவு எழுதப்பட்டிருந்த இடம்

இந்தியாவும் ஜப்பானும் 2011 பிப்ரவரி 16 அன்று விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அவ்வாண்டு ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சுங்க வரி, பண்ட வணிகம், சேவை வணிகம் ஆகியவற்றோடு முதலீடு பற்றிய 8ஆம் இயலும் அதில் உண்டு. அவ்வியலின் 96ஆம் கூறு, ஒரு நாட்டின் முதலீட்டாளருக்கும் மற்ற நாட்டின் அரசுக்கும் இடையே எழும் தகராறுகளைப் பன்னாட்டு நடுவர் தீர்ப்பாயத்தின்முன் வைக்க வழிவகுக்கிறது. முதலீட்டாளர் முதலில் பேச்சுவார்த்தையை நாட வேண்டும். அது பயனளிக்காத நிலையில்தான் வழக்குத் தொடரலாம்.

இக்கூறின் அமைப்பு சட்ட நோக்கில் ஒரு நிலையான முன்மொழிவைப் போன்றது. 2011இல் இந்தியா அதனை மேசைமீது வைத்தது. எந்தத் தகராறு, எந்த நிறுவனம், எந்த மாநிலம் என்பது அப்போது எவருக்கும் தெரியாது. ஆறு ஆண்டுகள் கழித்து நிசான் வழக்கு அறிவிப்பை அனுப்பியபோது அம்முன்மொழிவை அது ஏற்றுக்கொண்டதாயிற்று. இரு தரப்பு இசைவும் அந்நாளில் இணைந்தன. ஆகவே, வழக்கு வந்தபின் இந்தியாவின் ஒப்புதல் கேட்கப்படவில்லை என்பதால் இசைவே இல்லை என்று கூற இயலாது. இசைவு முன்னரே அளிக்கப்பட்டுவிட்டது.

பன்னாட்டு முதலீட்டுத் தகராறு தீர்வு மையத்தை உருவாக்கிய உடன்படிக்கையில் இந்தியா உறுப்பினர் அன்று. ஆகையால் வழக்கு அம்மையத்துக்குச் செல்லவில்லை. ஐ.நா. வணிகச் சட்ட ஆணையத்தின் நடுவர் விதிகள் பின்பற்றப்பட்டன. தி ஹேக் நகரிலுள்ள நிரந்தர நடுவர் மன்றம் செயலகப் பணிகளைக் கவனித்தது. இதனை அதே நகரில், அதே அமைதி மாளிகையில் இயங்கும் சர்வதேச நீதிமன்றத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சர்வதேச நீதிமன்றச் சட்டவிதியின் 34ஆம் கூறின்படி அங்கு அரசுகள் மட்டுமே வழக்காடலாம். நிறுவனங்களுக்கு அங்கே இடமில்லை.

4. அதிகார வரம்பை மறுத்த வாதங்கள்

இசைவு உண்டு என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. அவ்விசைவின் எல்லை எது என்பதே வழக்குகளில் உண்மையான போர்க்களம். தன் அதிகார வரம்பைத் தானே முடிவு செய்யும் உரிமை தீர்ப்பாயத்துக்கு உண்டு என்பது நடுவர் விதிகளிலும் சர்வதேச நீதிமன்றச் சட்டவிதியிலும் ஒருங்கே காணப்படும் கொள்கை. இவ்வுரிமையின்படி, அமெரிக்காவின் ஜீன் கலிக்கி தலைமையில் காய் ஹோபர், இந்தியாவின் முன்னாள் தலைமை நீதிபதி ஜெகதீஷ் சிங் கேகர் ஆகியோர் அமர்ந்த தீர்ப்பாயம் இந்தியாவின் ஆட்சேபங்களை முதலில் ஆராய்ந்தது. அவற்றுள் மூன்று இங்கு கருதத்தக்கவை.

முதலாவது, புரிந்துணர்வு ஒப்பந்தத்திலேயே தகராறு தீர்க்கும் வழி வகுக்கப்பட்டிருப்பதால் நிறுவனம் அவ்வழியே செல்ல வேண்டும் என்பது. இங்கு இரு வேறு கடப்பாடுகளைப் பிரித்துணர வேண்டும். வாக்களித்த தொகையைத் தரவில்லை என்பது ஒப்பந்தக் கோரிக்கை. அதனைத் தமிழ்நாடு அரசின்மீது ஒப்பந்தம் காட்டும் மன்றத்தில் எழுப்பலாம். முதலீட்டாளரை நேர்மையாக நடத்துவதாக ஜப்பானுக்கு அளித்த உறுதியை இந்தியா மீறியது என்பது உடன்படிக்கைக் கோரிக்கை. அதனை உடன்படிக்கை காட்டும் மன்றத்தில் எழுப்பலாம். செய்தி ஒன்றாயினும் சட்ட அடிப்படை இரண்டு. அர்ஜென்டினா தொடர்பான விவெண்டி வழக்கில் 2002இல் வழங்கப்பட்ட முடிவு முதல் இப்பிரிவினை முதலீட்டுச் சட்டத்தில் நன்கு வேரூன்றியுள்ளது.

இரண்டாவது, ஊக்கத்தொகைகள் வரியைத் திருப்பியளிக்கும் வடிவில் அமைந்திருப்பதால் அவை வரி நடவடிக்கைகளே. வரி நடவடிக்கைகளுக்கு உடன்படிக்கையில் விலக்கு உண்டு என்பது. இவ்வாதத்தின் வலிமை ஒரு சொல்லின் பொருளில் அடங்கியுள்ளது. தொகை கணக்கிடப்படுவது வரியைக் கொண்டு என்பது உண்மை. எனினும் வரி விதிக்கப்பட்டது பற்றி வாதி முறையிடவில்லை. வரி செலுத்தப்பட்டபின் வாக்களித்த பணம் வரவில்லை என்பதே முறையீடு. ஒரு நடவடிக்கையை அதன் கணக்கீட்டு முறையால் வகைப்படுத்துவதா, அதன் இயல்பால் வகைப்படுத்துவதா என்பது இசைவின் எல்லையையே மாற்றிவிடும்.

மூன்றாவது, காலவரம்பு. இழப்பை முதலீட்டாளர் அறிந்த நாளிலிருந்து மூன்றாண்டுகள் கடந்துவிட்டால் இசைவு இல்லை என்பது உடன்படிக்கையின் நிபந்தனை. ஊக்கத்தொகை ஆண்டுதோறும் கணக்கிடப்படுவது. அரசோ கோரிக்கையை உடனே மறுக்காமல் பேச்சுவார்த்தையை நீட்டித்தது. இந்நிலையில் மறுப்பு எந்நாளில் உறுதியாயிற்று என்பதைத் தீர்மானிப்பது எளிதன்று. இத்தகைய வழக்குகளில் அலுவலகக் கடிதங்களின் நாட்களே அதிகார வரம்பின் சான்றாகிவிடுகின்றன.

2019 ஏப்ரல் 29 அன்று வழங்கிய முடிவில் தீர்ப்பாயம் வழக்கைத் தொடர வழிவிட்டது. எனினும் பொறுப்பு குறித்த இறுதித் தீர்ப்பு வரவில்லை. 2020இல் தரப்பினர் சமரசம் செய்துகொண்டனர். இதனால் ஊக்கத்தொகையை நிறுத்தியது உடன்படிக்கை மீறலா என்ற வினாவுக்கு விடை கிடைக்கவில்லை. எனினும், அதிகார வரம்பு உறுதிப்பட்டபின் சமரசம் பேசும் அரசின் நிலை அதற்கு முன்னிருந்த நிலையினின்று வேறுபட்டது என்பதை மறுக்க இயலாது.

5. மாநிலத்தின் செயலும் ஒன்றியத்தின் பொறுப்பும்

இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் உடன்படிக்கை செய்யும் அதிகாரம் ஒன்றியப் பட்டியலின் 14ஆம் பதிவில் இடம்பெறுகிறது. 253ஆம் கூறு அதனை நிறைவேற்றும் சட்டங்களை இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. உடன்படிக்கைக்கு மாநிலங்களின் ஒப்புதல் தேவையில்லை. ஆயினும் ஆலைக்கு நிலம், மின்சாரம், வரிச் சலுகை ஆகியவற்றை வழங்குவது மாநில அரசு. பன்னாட்டுச் சட்டம் இவ்வுட்பிரிவினையைக் கணக்கில் கொள்வதில்லை. ஐ.நா. பன்னாட்டுச் சட்ட ஆணையம் 2001இல் நிறைவு செய்த அரசுப் பொறுப்பு விதிகளின் 4ஆம் கூறின்படி, ஆட்சிப்பகுதி ஒன்றின் உறுப்பு செய்யும் செயலும் அந்நாட்டின் செயலே. 1999இல் ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான லாகிராண்ட் வழக்கில் இடைக்கால ஆணை பிறப்பித்தபோதும், அரிசோனா ஆளுநர் அமெரிக்காவின் பன்னாட்டுக் கடப்பாடுகளுக்கு ஏற்பச் செயல்பட வேண்டியவர் என்று சர்வதேச நீதிமன்றம் குறிப்பிட்டது.

ஆகவே இசைவு அளித்தவர் புது தில்லியில் இருந்தார். அவ்விசைவைச் செயல்படவைத்த செலுத்தாமை சென்னையில் நிகழ்ந்தது. ஊக்கத்தொகை ஆணைகளைத் தயாரிக்கும் மாநில அலுவலர்களின்முன் அவ்வுடன்படிக்கை இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் உள்நாட்டுச் சட்டத்தில் இல்லை. இவ்விடைவெளியே ஒரகடம் வழக்கின் வரலாற்றுப் பொருள்.

6. கட்டாய அதிகார வரம்பும் இந்தியப் பிரகடனங்களும்

இந்தியா இசைவளிக்கும் கலையை அறியாத நாடன்று. சர்வதேச நீதிமன்றத்தின்முன் அதன் நடைமுறை இதற்கு நேர்மாறான எச்சரிக்கையைக் காட்டுகிறது. 1920இல் நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றத்தின் சட்டவிதியை வரைந்த சட்ட அறிஞர் குழு உண்மையான கட்டாய அதிகார வரம்பையே முன்மொழிந்தது. வல்லரசுகள் அதனை ஏற்கவில்லை. விரும்பும் நாடுகள் மட்டும் தாமாக ஏற்கலாம் என்னும் இடைவழி பிரேசிலைச் சேர்ந்த ரௌல் பெர்னாண்டசின் யோசனையால் உருவாயிற்று. 1945இல் சர்வதேச நீதிமன்றமும் அம்முறையையே ஏற்றது. எனவே 'கட்டாயம்' என்ற பெயர் பிரகடனம் செய்தபின் உள்ள நிலையைக் குறிக்கிறது. பிரகடனம் செய்வதோ முற்றிலும் விருப்பத்துக்குரியது.

இந்தியாவின் சார்பில் 1940இல் அளிக்கப்பட்ட பிரகடனம் விடுதலைக்குப் பின்னும் நடைமுறையில் இருந்தது. 1955 டிசம்பர் 19 அன்று போர்ச்சுகல் தன் ஏற்புப் பிரகடனத்தை அளித்தது. மூன்றே நாட்களில், தாத்ரா – நகர் ஹவேலிப் பகுதிகளுக்குச் செல்லும் உரிமை கோரி இந்தியாமீது வழக்குத் தொடுத்தது. பிரகடனம் வெளியானதே இந்தியாவுக்குச் சரிவரத் தெரியாத நிலை. 1956 ஜனவரியில் இந்தியா தன் பிரகடனத்தை மாற்றியது. எனினும் நடப்பிலிருந்த வழக்கை அது பாதிக்கவில்லை. போர்ச்சுகலின் பிரகடனம் அளிக்கப்பட்ட நாளிலேயே இசைவுப் பிணைப்பு உருவாகிவிட்டது என 1957இல் நீதிமன்றம் கூறியது. பிற்காலத்து இந்தியப் பிரகடனங்களில், வழக்குத் தொடுக்கும் நாடு குறைந்தது 12 மாதங்களுக்கு முன் பிரகடனம் செய்திருக்க வேண்டும் என்னும் விலக்கு நிபந்தனை இடம்பெற்றிருப்பது இவ்வனுபவத்தின் தடம்.

1974 செப்டம்பர் 18 அன்று அளிக்கப்பட்ட பிரகடனம் இன்னும் விரிவான விலக்குகளைக் கொண்டது. காமன்வெல்த்தில் உறுப்பினராக உள்ள அல்லது இருந்த நாடுகளுடனான தகராறுகள், ஆயுத மோதல்கள், எல்லை விவகாரங்கள், உள்நாட்டு அதிகாரத்துக்குரிய பொருள்கள் ஆகியன அவற்றுட் சில. 1999 ஆகஸ்ட் 10 அன்று பாகிஸ்தான் கடற்படை விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதைத் தொடர்ந்து பாகிஸ்தான் தொடுத்த வழக்கில் காமன்வெல்த் விலக்கே கேடயமாயிற்று. அவ்விலக்கு காலாவதியானது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. இசைவுக்கு எல்லை வகுப்பது அந்நாட்டின் உரிமை என்று கூறி, 2000 ஜூன் 21 அன்று 14க்கு 2 என்ற வாக்குகளில் தனக்கு அதிகார வரம்பு இல்லை எனத் தீர்ப்பளித்தது. 2019 செப்டம்பர் 27 அன்று இந்தியா அளித்த புதிய பிரகடனமும் காமன்வெல்த் விலக்கைக் கைவிடவில்லை.

கேடயம் இரு பக்கமும் செயல்படும் என்பதையும் கருத வேண்டும். பிரகடனங்களின் அடிப்படை பரஸ்பரத்தன்மை. ஒரு நாட்டின் விலக்கை எதிர்த்தரப்பும் எடுத்துக்கொள்ளலாம். 1957இல் பிரான்சுக்கும் நார்வேக்கும் இடையிலான கடன் பத்திர வழக்கில், பிரான்சின் சொந்த விலக்கையே நார்வே பயன்படுத்தி வழக்கை வீழ்த்தியது. கச்சத்தீவைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும் எனத் தமிழகத்தில் எழும் குரல்களை இதன் வெளிச்சத்தில் நோக்கலாம். இலங்கை காமன்வெல்த் உறுப்பு நாடு. அந்நாடு பிரகடனம் செய்திருந்தாலுங்கூட, இந்தியா தனக்காக எழுதிய விலக்கைச் சுட்டியே அது வழக்கைத் தடுக்க இயலும். இரு நாடுகளும் சேர்ந்து ஒப்புக்கொண்டாலன்றி அவ்வாயில் திறவாது.

இதே இந்தியா, 2017 மே 8 அன்று குல்பூஷண் ஜாதவ் தொடர்பாகப் பாகிஸ்தான்மீது வழக்குத் தொடுத்தபோது பிரகடனங்களை நாடவில்லை. தூதரக உறவுகள் பற்றிய 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறையில் இரு நாடுகளும் அளித்திருந்த இசைவே அதற்கு அடிப்படை. 2019 ஜூலையில் தீர்ப்பு இந்தியாவுக்குச் சாதகமாக அமைந்தது. பிரகடனத்தால் மூடிய வாயிலுக்கு அருகிலேயே உடன்படிக்கைக் கூறால் திறந்த வாயில் ஒன்று இருக்கக் கூடும் என்பதற்கு இது சான்று.

7. இரு வாயில்களும் ஒரே தகராறில்

2011ஆம் ஆண்டு உடன்படிக்கையில் முதலீட்டு இயல் இல்லாதிருந்தால் நிசானின் நிலை என்னவாகியிருக்கும் எனக் கருதிப் பார்க்கலாம். நிறுவனம் தானே பன்னாட்டு மன்றத்தை அணுக முடியாது. முதலில் இந்திய நீதிமன்றங்களில் தீர்வு தேடி முடிக்க வேண்டும். பின்னர் ஜப்பான் அரசு அக்குறையைத் தன் குறையாக ஏற்க வேண்டும். ஜப்பானும் ஏற்புப் பிரகடனம் செய்த நாடு, காமன்வெல்த் நாடன்று. ஆயினும் உள்நாட்டு அதிகாரத்துக்குரிய பொருள் என்ற விலக்கை இந்தியா முன்வைக்கும். நட்பு நாடு ஒன்றின்மீது ஊக்கத்தொகைக்காக வழக்குத் தொடுக்க ஜப்பான் முன்வருமா என்பதும் ஐயத்துக்குரியது. உடன்படிக்கை நடைமுறையில் உள்ள இன்றைய நிலையிலோ மற்றொரு விலக்கும் குறுக்கிடும்: தரப்பினர் வேறு தீர்வு முறைக்கு உடன்பட்ட தகராறுகளை இந்தியப் பிரகடனம் விலக்குகிறது.

அதாவது, 1974 முதல் இந்தியா பிரகடனத்தில் கட்டிய மதில் இத்தகைய தகராறை ஏறத்தாழ முழுமையாகத் தடுத்திருக்கும். 2011இல் எழுதிய ஒரு கூறு அம்மதிலைச் சுற்றிச் செல்லும் பாதையை அமைத்தது. அப்பாதையில் வருபவர் அரசு அல்லர், தனியார் நிறுவனம். ஆகவே அரசுகளிடையே செயல்படும் அரசியல் தயக்கமும் அங்கு இல்லை. 2016இல் இந்தியா வெளியிட்ட மாதிரி முதலீட்டு உடன்படிக்கை வரி நடவடிக்கைகளை வெளிப்படையாக விலக்கியதும், உள்நாட்டுத் தீர்வுகளை ஐந்தாண்டுகள் நாடிய பின்னரே நடுவர் வழக்குக்கு இடமளித்ததும் இதனை உணர்ந்ததன் விளைவே. ஆயினும் மாதிரி உடன்படிக்கை முன்பே கையெழுத்தான ஒப்பந்தத்தைத் திருத்தாது. வழக்கு நடந்தபோது 96ஆம் கூறு தன் பழைய சொற்களிலேயே நின்றது.

முடிவுரை

இசைவே அதிகார வரம்பின் ஊற்று என்னும் கொள்கை அரசின் இறைமையைக் காப்பதாகப் பொதுவாக விளக்கப்படுகிறது. ஒரகடம் வழக்கு அதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. இசைவு அளிக்கப்படும் நாளில் அரசு முழு உரிமையுடன் இருக்கிறது. அது பயன்படுத்தப்படும் நாளில் அவ்வுரிமை செலவழிந்துவிட்டிருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் அரசைக் காப்பவை அக்கூறிலுள்ள காலவரம்பு, விலக்கு, வரையறை ஆகியவற்றின் சொற்களே. இசைவளிப்பது ஒன்றியமாகவும் அதனைச் செயலுக்குக் கொணர்வது மாநிலமாகவும் உள்ள கூட்டாட்சியில், அச்சொற்களை வகுக்கும் கட்டத்தில் மாநிலங்களுக்கு இடமில்லாமை சட்டச் சிக்கலாகவும் நிதிச் சிக்கலாகவும் மாறுகிறது. மாநில அரசுகள் கையெழுத்திடும் முதலீட்டுப் புரிந்துணர்வு ஒப்பந்தங்களை, அவ்வம் முதலீட்டாளர் நாட்டோடு இந்தியா செய்துள்ள உடன்படிக்கைகளோடு பக்கத்தில் வைத்துப் படிக்கும் ஆய்வுகள் தமிழில் தொடங்கப்பட வேண்டும். திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் ஜப்பான், கொரியா, ஐரோப்பிய நிறுவனங்கள் பல இருப்பதால் அதற்கான மூலங்கள் அருகிலேயே உள்ளன.